மறு: [கலைச்சொல்] எண்ட்பிளேட் பொட்டென்ஷியலுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

அனுப்புநர்: செல்வி

எல்லாருக்கும் வணக்கம். பிசியோதெரபி முதல் வருஷம் படிக்கிற பிள்ளைங்களுக்காக உடலியங்கியல் குறிப்பு ஒண்ணு தமிழ்ல எழுதிட்டு இருக்கேன். நரம்பு, அதுல ஓடுற மின்துடிப்பு, அது வரைக்கும் எழுத்து நல்லா ஓடுச்சு. நரம்பு-தசைச் சந்திப்புக்கு வந்ததும் நின்னுடுச்சு.

சிக்கல் ஒரே ஒரு சொல்லுலதான். நரம்பு முனையில இருந்து அசிட்டைல்கோலின் வெளிய வந்து தசைச் செல்லோட சவ்வுல உட்கார்ந்ததும் அந்த இடத்துல மட்டும் மின்னழுத்தம் மாறுதே, எண்ட்பிளேட் பொட்டென்ஷியல்னு சொல்றோமே, அதுக்கு நான் "முனைத்தட்டு மின்னழுத்தம்"னு எழுதி வச்சிருக்கேன். நாலு நாள் கழிச்சு எடுத்துப் படிச்சா எனக்கே என்ன எழுதினேன்னு புரியல. ஆக்‌ஷன் பொட்டென்ஷியலை "மின்துடிப்பு"ன்னுதான் குறிப்பு முழுக்க எழுதியிருக்கேன், அதுல குழப்பம் இல்ல. இந்த இன்னொண்ணு அதுல இருந்து வேற விஷயம்னு சொல்லைப் பார்த்ததுமே தெரியணும். ஏதாவது யோசனை சொல்லுங்க.

அனுப்புநர்: பாஸ்கர்

செல்வி மேடம், முனைத்தட்டு மின்னழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும், இதுதான்னு ஒரு நம்பர் சொல்ல முடியாது. தட்டு சின்னதா இருந்தா குறைச்சு வைக்கணும், இல்லன்னா தோல் எரியும். ஜெல் நல்லா தடவிட்டு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, தசை லேசா துள்ள ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்க. நான் பத்து வருஷமா ஸ்டிமுலேட்டர் மெஷின்லதான் வேலை பார்க்கறேன், அளவு ஏதாவது வேணும்னா தனியா எழுதுங்க.

அனுப்புநர்: ராமநாதன்

செல்விம்மா, பாஸ்கர் தம்பி எழுதினதைப் பார்த்தியா? அவர் மேல தப்பே இல்ல, சொல்லு மேலதான் தப்பு. "மின்முனை"ன்னா எலக்ட்ரோடுன்னு நாமளே ஐம்பது வருஷமா சொல்லிக்கொடுத்துட்டோம். முனையும் தட்டும் மின்னழுத்தமும் ஒரே வரியில வந்தா எந்த மெஷின்காரருக்கும் எலக்ட்ரோடுதான் ஞாபகம் வரும். உன் சொல்லைத் தூக்கிப் போடறதுக்கு இந்த ஒரு சாட்சி போதும்.

நான் இயற்பியல் வாத்தியார், தசை பத்தி பெரிசா தெரியாது. ஆனா நீ சொன்னதைக் கேட்டதும் ஒரு சொல் தோணுது: மடை. வாய்க்கால்ல ஓடி வர்ற தண்ணி வயலுக்குள்ள இறங்குற இடம் மடை. நரம்புல ஓடி வர்றது தசைக்குள்ள இறங்குற இடமும் அப்படித்தானே. அந்த இடத்தை "நரம்புமடை"ன்னும், அங்க உண்டாகுற மின்மாற்றத்தை "மடையழுத்தம்"னும் வச்சுக்கலாம். சின்னச் சொல், சொந்தச் சொல், வாய்க்கும் நல்லா வருது.

அனுப்புநர்: கார்த்தி

மடை சூப்பர் ஐயா!! நான் உயிரியல் படிச்சவன், கருத்தும் சரியாதான் பொருந்துது. நரம்புல வர்ற கரண்ட் முனைக்கு வந்ததும் அங்க கால்சியம் உள்ள நுழையுது, அசிட்டைல்கோலின் அந்தக் கரண்டைச் சுமந்துட்டுப் போய் தசைக்குள்ள இறக்குது, அந்தக் கால்சியத்தாலதான் தசை சுருங்குது. வாய்க்கால், மடை, வயல், அப்படியே செட் ஆகுது. என்னோட ஓட்டு மடையழுத்தத்துக்கு. இன்னொண்ணு, தனியா ஒரு சொல்லு தேவையாங்கறதே எனக்கு சந்தேகம், நரம்புல ஓடுறதும் மின்துடிப்பு தசையில ஓடுறதும் மின்துடிப்பு, நடுவுல இருக்கறதும் அதோட தொடர்ச்சிதானே, அதையும் மின்துடிப்புன்னே சொல்லிட்டுப் போலாமே.

அனுப்புநர்: மீனாட்சி

ஐயா, மடைங்கற சொல் எனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு, அதனாலயே பயமா இருக்கு. நான் உடலியங்கியல் பாடம் எடுக்கறேன். வருஷா வருஷம் பிள்ளைங்க மனசுல இருந்து நான் பிடுங்கி எறியப் பாடுபடற தப்பு எதுவோ, அந்தத் தப்பையே மடை நட்டு வச்சிரும். கார்த்தி எழுதினதே அதுக்கு உதாரணம், கோவிச்சுக்காதீங்க தம்பி.

வாய்க்கால் தண்ணியேதான் வயலுக்குள்ள போகுது. ஆனா நரம்போட கரண்ட்ல ஒரு சொட்டு கூட தசைக்குள்ள போகாது. நரம்பு முனைக்கும் தசைச் சவ்வுக்கும் நடுவுல சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி இருக்கு, உப்புத் தண்ணி நிரம்பின சந்து அது. நரம்பு முனை தம்மாத்துண்டு, தசை நார் அதோட ஒப்பிட்டா மலை. முனையில இருந்து வர்ற மின்னோட்டம் மொத்தமும் அந்தச் சந்துலயே சிதறிப் போயிடும். நரம்போட மின்துடிப்பு அங்கயே செத்துப் போகுது, தசையில புதுசா ஒண்ணு பிறக்குது. நடுவுல நடக்கறதைச் சொல்லத்தான் செல்விக்கு சொல் வேணும்.

நடுவுல என்ன நடக்குதுன்னு பார்ப்போம். மின்துடிப்பு முனையை எட்டினதும் அங்க இருக்கற கால்சியம் கதவுகள் திறக்குது, வெளிய இருந்து கால்சியம் நரம்பு முனைக்குள்ள போகுது. அது உள்ள போன உடனே, ஏற்கெனவே சவ்வோட ஒட்டித் தயாரா நிக்கற குட்டிப் பைகள் வெடிச்சுத் திறந்து அசிட்டைல்கோலினைச் சந்துல கொட்டுது. ஒரு பையில ஆயிரக்கணக்குல மூலக்கூறு இருக்கும். எதிர்ப்பக்கம் தசைச் சவ்வு மடிப்பு மடிப்பா இருக்கு, அந்த மடிப்போட மேட்டுல ரிசெப்டார்கள் நெருக்கி அடிச்சு உட்கார்ந்திருக்கு. ஒரு ரிசெப்டார்ல ரெண்டு அசிட்டைல்கோலின் வந்து உட்கார்ந்தா அதோட நடு ஓட்டை திறக்கும். அந்த ஓட்டை வழியா சோடியம் உள்ள வருது, கொஞ்சம் பொட்டாசியம் வெளிய போகுது, உள்ள வர்றதுதான் அதிகம். அசிட்டைல்கோலின் தசைக்குள்ள போகவே போகாது, கதவைத் தட்டிட்டு சந்துலயே நிக்கும், அங்கயே இருக்கற நொதி ஒரு மில்லிசெகண்டுக்குள்ள அதை உடைச்சுப் போட்டுடும். உள்ள வர்ற சோடியம் தசையைச் சுத்தி முன்னாடியே இருந்த சோடியம். அதை உள்ள தள்ளுற விசை தசைச் சவ்வு தானே சேர்த்து வச்சது. நரம்பு கொடுத்தது சேதி மட்டும்தான்.

கார்த்தி சொன்ன கால்சியமும் அப்படித்தான், ரெண்டு கால்சியம் இருக்கு தம்பி, நீங்க ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீங்க. நரம்பு முனைக்குள்ள போற கால்சியத்தோட வேலை பைகளைத் திறக்கறதோட முடிஞ்சது. தசையைச் சுருக்குற கால்சியம் தசை தன் உள்ளயே பைகள்ல பூட்டி வச்சிருக்கறது. தசையோட மின்துடிப்பு மேற்பரப்புல ஓடி, குழாய் மாதிரி உள்ள இறங்குற சவ்வு வழியா ஆழத்துக்குப் போய், அங்க ஒரு புரதம் அசைஞ்சு பக்கத்துப் புரதத்தை இழுத்துத் திறந்ததும்தான் அது வெளிய வரும்.

தனிச்சொல் தேவையாங்கற கேள்விக்கு வர்றேன். தேவை, கட்டாயம் தேவை. மின்துடிப்புன்னா வந்தா முழுசா வரும், இல்லன்னா வரவே வராது, எத்தனை தூரம் ஓடினாலும் உயரம் குறையாது. இது அப்படி இல்ல. எவ்வளவு அசிட்டைல்கோலின் வந்துச்சோ, எத்தனை ரிசெப்டார் திறந்துச்சோ, அவ்வளவு உயரம். அந்த இடத்தை விட்டு நகர நகரத் தேயும். இதைத் தனியா பார்க்கறது லேசு இல்ல, ஏன்னா ஆரோக்கியமான தசையில இது எழும்பின உடனேயே மின்துடிப்பு அதை முழுங்கிடும். 1950 வாக்கில லண்டன்ல ஃபாட்டும் காட்ஸும் தவளைத் தசைக்குக் கொஞ்சம் குராரே கொடுத்துப் பார்த்தாங்க. குராரே ரிசெப்டார்கள்ல நிறைய இடத்தைப் பிடிச்சுக்கும், ஆனா கதவைத் திறக்காது. அதனால மின்மாற்றம் வாசல் அளவுக்குக் கீழயே நின்னுடுச்சு, மின்துடிப்பு கிளம்பல, சும்மா இதோட வடிவம் மட்டும் திரையில வந்துச்சு. ரொம்ப மெல்லிய கண்ணாடி ஊசியை சந்திப்புக்கு நேர் கீழ குத்தினா உயரமா, செங்குத்தா ஏறி மெதுவா இறங்குது. ரெண்டு மூணு மில்லிமீட்டர் தள்ளிக் குத்தினா பாதிக்கும் கீழ, ஏறுறதும் சோம்பலா. இன்னும் தள்ளினா ஒண்ணுமே இல்ல. செல்வி தேடுற சொல்லுக்குள்ள இந்தப் படம் இருக்கணும்.

பாஸ்கர் சாருக்கு ஒரு வரி: உங்க மெஷின் பெரும்பாலும் தசையைத் தட்டறது இல்ல, தசைக்குப் போற நரம்புக் கிளையைத்தான் தட்டுது, அப்புறம் இந்த சந்திப்பு வழியாதான் வேலை நடக்குது. நரம்பு அறுந்த தசைக்கு நீங்க ரொம்ப நீளமான பல்ஸ் வைக்க வேண்டியிருக்குமே, காரணம் இதுதான்.

அனுப்புநர்: பாஸ்கர்

அப்படியா மேடம், முகவாதம் வந்தவங்களுக்கு நூறு மில்லிசெகண்ட் வைன்னு சொல்லிக்கொடுத்தாங்க, ஏன்னு யாரும் சொல்லல. கேள்வியைத் தப்பா படிச்சிட்டேன் செல்வி மேடம், சாரி.

அனுப்புநர்: சுந்தரி

நான் இந்தக் குழுவுல கதை கட்டுரைக்காக சேர்ந்தவ, அறிவியல் தெரியாது. ஆனா மீனாட்சி டாக்டர் எழுதினதை மூணு தடவை படிச்சேன், ஏன்னா எங்க அம்மாவுக்கு இருக்கற வியாதி இந்த இடத்துலதான்னு சொன்னாங்க. மயஸ்தீனியா.

காலையில அம்மா நல்லா இருப்பாங்க. மத்தியானம் தாண்டினா இடது இமை இறங்கிடும், சாயங்காலம் ரெண்டு கண்ணும் பாதி மூடிரும், டிவியில ரெண்டு ரெண்டா தெரியுதும்பாங்க. கண்ணாடியை ரெண்டு தடவை மாத்தினோம். அப்புறம் ஒரு டாக்டர் ஐஸை துணியில சுத்தி இமை மேல ரெண்டு நிமிஷம் வச்சாரு. எடுத்ததும் பார்த்தா இமை மேல ஏறி நிக்குது! நான் கத்தியே விட்டேன். அப்புறம் கையில தட்டு ஒட்டி ஷாக் மாதிரி கொடுத்துப் பார்த்தாங்க, திரையில முதல் அலை பெரிசா, அடுத்து அடுத்து சின்னதா வந்துச்சு.

நரம்பும் நல்லா இருக்கு, தசையும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. அப்போ எதுதான் கெட்டுப்போச்சு? காலையில வேலை செய்யறது சாயங்காலம் ஏன் செய்யல? நீங்க தேடுற சொல்லு எனக்குப் புரியற மாதிரி இருந்தா இதுக்கும் பதில் கிடைக்கும்னு நினைக்கறேன்.

அனுப்புநர்: மீனாட்சி

சுந்தரி, நல்ல கேள்வி கேட்டீங்க, செல்வியோட சொல்லுக்கு இதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. எண்ணை வச்சே சொல்றேன், கணக்கு சுலபமா வரணும்னு நான் வச்சுக்கிட்ட எண்கள், ஆனா நிஜத்துல இருந்து ரொம்பத் தள்ளி இல்ல.

தசை சும்மா இருக்கும்போது உள்பக்கம் மைனஸ் 80 மில்லிவோல்ட்னு வச்சுப்போம். மின்துடிப்பு கிளம்பணும்னா மைனஸ் 60 வரைக்கும் வரணும், அதுதான் வாசல். அதாவது 20 மில்லிவோல்ட் ஏறினா போதும். ஆரோக்கியமான சந்திப்புல ஒரு தடவை நரம்பு தட்டினா 40 ஏறும். தேவைக்கு ரெண்டு மடங்கு. சும்மா தாராளத்துக்கு வச்ச கூடுதல் இல்ல அது, ஏன்னா நரம்பை அடுத்தடுத்து தட்டினா தயாரா நிக்கற பைகள் குறைஞ்சுக்கிட்டே போகும், முதல் தடவை கொட்டின அளவு நாலாவது தடவை கொட்டாது. கால் பங்கு குறையுதுன்னு வைங்க, 40 வந்தது 30 ஆகும். 30னாலும் வாசலைத் தாண்டுது. அதனால உங்களுக்கும் எனக்கும் அந்தக் குறைவு தெரியறதே இல்ல, எல்லாருக்கும் தினமும் நடந்துட்டுதான் இருக்கு.

அம்மாவுக்கு என்னன்னா, உடம்போட எதிர்ப்பு சக்தியே அந்த ரிசெப்டார்களைத் தாக்கிக் குறைச்சிடுச்சு. மடிப்புகளும் தட்டையாகிடும். நரம்பு வழக்கம்போலதான் கொட்டுது, பைகளும் நிறையவே இருக்கு, ஆனா வாங்கிக்க ஆள் குறைவு. முதல் தடவை 24தான் ஏறுதுன்னு வைங்க. 24, வாசலைத் தாண்டிடுச்சு, மின்துடிப்பு முழுசா கிளம்புது, அந்த நார் முழு பலத்தோட சுருங்குது. காலையில இமை நல்லா நிக்கறது இதனாலதான். நாலாவது தட்டுல அதே கால் பங்கு குறையுது, 24 வந்தது 18. வாசல் 20. அந்த நார்ல ஒண்ணுமே நடக்காது. பாதி பலமும் இல்ல கால் பலமும் இல்ல, பூஜ்யம். ஆனா தசையில ஆயிரக்கணக்கான நார் இருக்கே, சிலது இன்னும் 22ல நிக்கும், சிலது 17க்கு இறங்கியிருக்கும். எத்தனை நார் கழண்டுதோ அத்தனை பலம் போகும், இமை கொஞ்சம் கொஞ்சமா இறங்குறது அதனாலதான். நீங்க திரையில பார்த்த அலை எல்லா நாரோட மின்துடிப்பும் சேர்ந்தது. செகண்டுக்கு மூணு தடவை தட்டுவாங்க, முதலுக்கும் நாலாவதுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல குறைஞ்சா சந்திப்புல கோளாறு இருக்குன்னு எடுத்துப்பாங்க.

ஐஸ் ஏன் வேலை செஞ்சதுன்னா, குளிர்ல அசிட்டைல்கோலினை உடைக்கற நொதி மந்தமாகும், திறந்த ரிசெப்டார் மூடவும் நேரம் எடுக்கும், அதனால 18 மறுபடி 20ஐத் தாண்டிடும். அம்மாவுக்கு பைரிடோஸ்டிக்மின் மாத்திரை கொடுத்திருப்பாங்க, அதுவும் அந்த நொதியைத்தான் அடக்குது. 1934ல இங்கிலாந்துல மேரி வாக்கர்ங்கற டாக்டர் இதே வகை மருந்தை ஊசியாப் போட்டுப் பார்த்துதான் இந்த வழி திறந்துச்சு, குராரே விஷம் ஏறினவங்களும் மயஸ்தீனியாக்காரங்களும் ஒரே மாதிரி இருக்காங்களேன்னு யோசிச்சு செஞ்சது. மாத்திரையை நீங்களா கூட்டிடாதீங்க, ரொம்ப அதிகமானா ரிசெப்டார் மரத்துப் போய் அதுவே பலவீனத்தைக் கொடுக்கும்.

ஆக உங்க கேள்விக்கு பதில், நரம்போட மின்துடிப்பு சரி, தசையோட மின்துடிப்பு சரி, நடுவுல எழும்பறதோட உயரம்தான் போதல. அதுக்குத்தான் பேர் இல்லாம நாம தவிக்கறோம்.

அனுப்புநர்: ராமநாதன்

மடையை நானே திரும்ப எடுத்துக்கறேன். வருத்தம்தான், ஆனா டாக்டரம்மா சொன்னது நியாயம். தண்ணி கடந்து போகலைன்னா அது மடை இல்ல.

அந்த ரெண்டு மடலையும் படிச்சுட்டு கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு இடத்துல எழும்புது, அங்க உயரம் அதிகம், தள்ளிப் போகப் போகச் சரியுது, நின்ன இடத்துலயே நிக்குது, ஓடல. இதுக்குத் தமிழ்ல பேர் மேடு. "மின்மேடு"ன்னு சொல்லுங்க. மின்துடிப்பு ஓடும், மின்மேடு ஓடாது. துடிப்புக்கு அளவு கேட்க மாட்டோம், மேட்டுக்கு உயரம் எவ்வளவுன்னு கேட்போம். சுந்தரிம்மாவுக்கும் ஒரே வரியில சொல்லிடலாம், மேடு வாசல் உயரத்தைத் தொடலைன்னு.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. மைனஸ் 80ல இருந்து மைனஸ் 40க்கு வர்றதை ஏறுறதுன்னு சொல்றோம். ஆனா சவ்வுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற வித்தியாசம் 80ல இருந்து 40ஆ குறையுது. இயற்பியல்காரன் கண்ணுக்கு இது சரிவு. சிலர் இதைக் "குறைவு"ன்னே எழுதறாங்க. மேடுன்னு சொன்னா பொய் ஆயிடாதா?

அனுப்புநர்: கார்த்தி

மீனாட்சி மேடம் நன்றி, அந்த ரெண்டு கால்சியத்தை நான் காலேஜ்ல இருந்தே ஒண்ணுன்னு நினைச்சிட்டு இருந்திருக்கேன். நாலு பேர் முன்னாடி தெரிஞ்சது நல்லதுதான்.

மின்மேடு நல்லாதான் இருக்கு, ஆனா கேள்வி ஒண்ணு: இந்த மேடு எவ்வளவு வேணும்னாலும் இருக்கலாமா? 18, 17.3, 17.25ன்னு வழவழன்னு மாறுமா, இல்ல படிப்படியாவா? மினியேச்சர்னு ஒண்ணு வருமே, அதுக்கும் சேர்த்துதான் இந்தச் சொல் தாங்கணும்.

அனுப்புநர்: மீனாட்சி

ஐயா, மின்மேட்டுக்கு என் ரெண்டு கையும் தூக்கறேன். உங்க சந்தேகம் சரியானதுதான், ஆனா நாங்க உள்பக்கத்தை வெளிப்பக்கத்தோட ஒப்பிட்டு வரையறோம், மைனஸ் 80 கீழ, பூஜ்யம் மேல, திரையில கோடு மேல ஏறும். வெப்பமானி மைனஸ் 20ல இருந்து மைனஸ் 5க்கு வந்தா ஏறுச்சுன்னுதானே சொல்வோம். குறைவுன்னு எழுதினா பிள்ளைங்க மைனஸ் 80ல இருந்து மைனஸ் 100க்குப் போச்சுன்னு நினைச்சுக்கறாங்க, விடைத்தாள்ல பார்த்திருக்கேன். செல்வி, குறிப்புல ஒரே ஒரு வாக்கியம் இதுக்காக எழுதிடுங்க.

கார்த்தி, நல்ல இடத்தைப் பிடிச்சீங்க. படிப்படியாதான். நரம்பைத் தொடவே தொடாம ஊசியை மட்டும் குத்தி வச்சுட்டு உட்கார்ந்திருந்தா, செகண்டுக்கு ஒண்ணு அளவுல, ஒழுங்கில்லாம, அரை மில்லிவோல்ட் உயரத்துல குட்டி மேடு வந்துட்டே இருக்கும். முதல்ல பார்த்தவங்க கருவியோட இரைச்சலோன்னு சந்தேகப்பட்டிருப்பாங்க. ஆனா சந்திப்புக்குப் பக்கத்துல மட்டும்தான் வருது, குராரே கொடுத்தா சுருங்குது, அப்போ அது இரைச்சலா இருக்க முடியாது. பிறகு காட்ஸும் டெல் காஸ்டில்லோவும் 1954ல கால்சியத்தைக் குறைச்சு மக்னீசியத்தைக் கூட்டி, நரம்பைத் தட்டினா கொட்டறதை ரொம்பக் குறைச்சாங்க. சில தட்டுக்கு ஒண்ணுமே வரல, சில தட்டுக்கு ஒரு குட்டி மேட்டளவு, சிலதுக்கு ரெண்டு அளவு, மூணு அளவு. ஒண்ணரை அளவுக்குக் குவியலே இல்ல. ஒரு குட்டி மேடுன்னா ஒரு பை வெடிச்சதுன்னு இன்னிக்கு நமக்குத் தெரியும். நரம்பு தட்டும்போது தவளைக்கு நூத்துக்கு மேல பைகள் ஒரே நேரத்துல திறக்கும், மனுஷங்களுக்கு அதைவிடக் குறைவு, சில பத்துகள்தான்.

இதுல சொல்லோட பயன் இன்னும் தெரியும். சுந்தரியோட அம்மாவுக்கு குட்டி மேடே குட்டை, ஆனா ஒரு தட்டுக்கு எத்தனை பைங்கற எண்ணிக்கை சரியா இருக்கும். லாம்பர்ட்-ஈட்டன்னு இன்னொரு வியாதி இருக்கு, அதுல நரம்பு முனையோட கால்சியம் கதவுகள் அடிபடும். அங்க குட்டி மேடு சரியான உயரம், எண்ணிக்கைதான் குறைவு. அவங்களை பத்து செகண்ட் முழு பலத்தோட தசையை இறுக்கச் சொல்லிட்டுத் தட்டினா அலை பெரிசாகும், ஏன்னா முனையில கால்சியம் சேர்ந்து பைகள் கூடுதலா திறக்கும். ரெண்டு பேருக்கும் பெரிய மேடு வாசலைத் தொடல, ஆனா காரணம் நேர்மாறு.

குட்டி மேட்டுக்கு "குறுமேடு"ன்னு வைக்கலாம்.

அனுப்புநர்: ராமநாதன்

குறுமேடு வேணாம்னு சொல்லல, ஆனா "திட்டு"ன்னு ஒரு சொல் தயாரா இருக்கு. மணல்திட்டு மாதிரி மின்திட்டு. பல திட்டு சேர்ந்தா ஒரு மேடு. இன்னொண்ணு, மேடு இருந்தா பள்ளமும் உண்டு. தண்டுவடத்துல ஒரு நரம்பு இன்னொண்ணை அடக்கும்போது கோடு கீழ இறங்கும்னு எங்கயோ படிச்சேன், அதை "மின்பள்ளம்"னு சொல்லிட்டா ஒரு குடும்பமே கிடைச்சிடும்.

அனுப்புநர்: மீனாட்சி

பள்ளத்துல மட்டும் கொஞ்சம் பொறுங்க ஐயா. நம்ம எலும்புத் தசையில அடக்குற நரம்பே கிடையாது, அங்க மேடு மட்டும்தான், அடக்கறதெல்லாம் தண்டுவடத்துலயே முடிஞ்சுடும். தண்டுவடத்துலயும் சில நேரம் அடக்குற வேலை முழுசா நடக்கும், ஆனா கோடு ஒரு மயிரிழை கூட இறங்காது. கதவு திறந்திருக்கு, வர்ற மின்னோட்டம் கசிஞ்சு போயிடுது, பள்ளம் தெரியறது இல்ல. அதுக்கு என்ன பேர் வைப்போம்? தனி இழையா எடுத்துப் பேசலாம்.

திட்டா குறுமேடாங்கறதுல எனக்கு குறுமேடுதான். மேட்டோட அலகு அதுன்னு சொல்லுலயே இருக்கு. திட்டுன்னா ஏசுறதும்தானே.

அனுப்புநர்: செல்வி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்போதைக்கு "தசைத்தட்டு மின்மேடு"ன்னு எழுதறேன், "குறுமேடு"ம் வச்சுக்கறேன். முனைங்கறதை வேணும்னே எடுத்துட்டேன், பாஸ்கர் சார் காட்டின காரணத்துக்காகவும், முனை நரம்போடது, மேடு எழும்பறது தசையோட சவ்வுலங்கறதுக்காகவும். பத்தி இப்படி வருது, பிழை இருந்தா சொல்லுங்க:

> நரம்பின் மின்துடிப்பு முனையோடு நின்றுவிடுகிறது. அங்கே திறந்த பைகளிலிருந்து வந்த அசிட்டைல்கோலின், எதிரே தசைத்தட்டில் உள்ள ரிசெப்டார்களைத் திறக்கிறது. ஒரு பைக்கு ஒரு குறுமேடு. ஒரே நேரத்தில் திறந்த பைகளின் குறுமேடுகள் சேர்ந்து ஒரு மின்மேடு ஆகின்றன. மின்மேடு ஓடாது; எழுந்த இடத்திலேயே நின்று, விலக விலகத் தேயும். அது வாசல் உயரத்தைத் தொட்டால், மடிப்புகளின் அடியில் உள்ள சோடியம் கதவுகள் திறந்து, தசையின் சொந்த மின்துடிப்பு கிளம்பி நார் முழுக்க ஓடும். தொடாவிட்டால் தசை அசையாது.

அனுப்புநர்: சுந்தரி

பத்தி புரிஞ்சது செல்வி. ஒரே ஒரு இடத்துல தடுக்கிட்டேன், "தட்டு". அங்க நிஜமாவே தட்டு மாதிரி ஏதாவது இருக்கா? டாக்டர் மடிப்பு மடிப்பா இருக்குன்னாங்களே.

அனுப்புநர்: மீனாட்சி

இல்ல சுந்தரி, பழைய நுண்ணோக்கியில பார்த்தவங்களுக்குத் தட்டையா ஒரு வட்டம் தெரிஞ்சது, அப்படியே பேர் நின்னுடுச்சு, ஜெர்மன்லயும் அதே தட்டுதான். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் மடிப்பு தெரிஞ்சது.

அனுப்புநர்: ராமநாதன்

அப்போ தட்டையும் எடுத்துடலாமே. "தசைமடிப்பு மின்மேடு"?

அனுப்புநர்: மீனாட்சி

மயஸ்தீனியாவுல மடிப்பு போயிடுது ஐயா, மேடு அப்பவும் வருது, குட்டையா.